மூன்று வாரமும் நான்கு சந்தையும்

குடிசைத் தொழிலாக ஏதேனும் ஒரு பொருளைச் செய்து விற்க முனைவோர் நம் வட சிலாங்கூர் வட்டாரத்தில் பலர் உள்ளனர். பொருளைச் செய்வதில் நம் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் செய்த பொருளை ஊருக்கு முதன்முதலில் எப்படி அறிமுகம் செய்வது என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். ஒரு நாள் மாலையில் ஒரு மேசையைப் போட்டு, பொட்டலங்களை அடுக்கி வைத்து, யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் வாங்குவார்கள். அடுத்த வாரம் நான்கு பேர். அதற்கடுத்த வாரம் மேசையே இராது. பொருள் கெட்டதா, விலை கூடுதலா, அல்லது யாருக்கும் தெரியவே இல்லையா என்பது விற்றவருக்கே விளங்காமல் போய்விடும். போட்ட முதல் மட்டும் போயிருக்கும்.

இன்றைய உரையில் ஒரு புதிய பொருளை மூன்று வாரத்தில் படிப்படியாக அறிமுகம் செய்யும் முறை ஒன்றைப் பார்ப்போம். இதில் நான்கு கட்டங்கள் உள்ளன. முதலாவது ஆவல் மூட்டுதல். இரண்டாவது வெளிப்படுத்துதல். மூன்றாவது மெய்ப்பித்தல். நான்காவது நினைவூட்டல். இவை வாங்குவோர் மனத்தில் எழும் நான்கு கேள்விகளுக்கு ஏற்ப அமைந்தவை. ‘என்ன அது?’ என்பது முதற் கேள்வி. ‘ஓ, இதுவா! என்ன விலை?’ என்பது அடுத்தது. ‘சொல்கிறபடி நன்றாக இருக்குமா?’ என்பது மூன்றாவது. ‘சரி, பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது நான்காவது. ஒவ்வொரு கேள்வியும் எழும் வேளையில் அதற்குரிய விடையைத் தருவதே இம்முறையின் சாரம்.

முதலில் ஆவல் மூட்டுதலை எடுத்துக்கொள்வோம். இதற்குப் புத்தகங்களில் அடிக்கடி சொல்லப்படும் பழைய எடுத்துக்காட்டு அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1913-ஆம் ஆண்டில் கொண்டுவந்த கேமல் சிகரெட்டு. பொருள் உடலுக்குக் கேடானது. அதை நாம் பரிந்துரைக்கவில்லை. விளம்பரம் செய்த முறையை மட்டும் பார்ப்போம். ஒட்டகங்கள் வருகின்றன என்று மட்டும் செய்தித்தாளில் முதலில் விளம்பரம் வந்தது. எந்த ஒட்டகம், எதற்கு வருகிறது என்பது இல்லை. அடுத்து, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஒட்டகங்களைவிட அதிகமான ஒட்டகங்கள் நாளை இவ்வூரில் இருக்கும் என்ற பொருளில் ஒரு விளம்பரம். அதன் பிறகே பொருளின் பெயரும் உருவமும் வெளிவந்தன. கவனியுங்கள்: ‘நாளை’ என்று சொன்னார்கள், சொன்னபடி கடையில் சரக்கும் இருந்தது.

இதே முறை கவிழ்ந்துபோன கதையும் அதே நாட்டில் உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1957-ஆம் ஆண்டில் எட்சல் என்ற புதிய காரைக் கொண்டுவந்தது. காரைக் காட்டாமல், துணியால் மூடிய உருவத்தையும் மங்கலான படத்தையும் வெளியிட்டு மாதக்கணக்கில் ஆவலை வளர்த்தார்கள். இதுவரை யாரும் கண்டிராத கார் ஒன்று வரப்போகிறது என்று மக்கள் நினைத்தார்கள். செப்டம்பர் 4-ஆம் நாள் திரை விலகியது. கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். முகப்பு சற்று வேறாக இருந்ததே தவிர, எதிர்பார்த்த அளவுக்குப் புதுமை அதில் இல்லை. சில கார்கள் பழுதுகளுடனே விற்பனைக்கு வந்தன. நாட்டின் பொருளாதாரமும் அப்போது தளர்ந்திருந்தது. 1959-ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆவல் மூட்டுவது கடன் வாங்குவதைப் போன்றது. எத்தனை நாள் மூட்டுகிறோமோ, எவ்வளவு பெரிதாகச் சொல்கிறோமோ, அவ்வளவும் திறக்கும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். சிறிய பொருளுக்குச் சிறிய ஆவலே பொருந்தும். ஒரு வாரம் போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து 2007-இல் பெயர் மாறிய பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களில் ஒரு பொதுத் தன்மை உண்டு. தோட்டத்து லயன் வீடுகளில் நம்மவர் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தண்ணீர்க் குழாயடியில் சொன்ன செய்தி மாலைக்குள் தோட்டம் முழுதும் பரவிவிடும். இன்று பல குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து சிதறிவிட்டன. ஆனாலும் எல்லாரும் ஒரே இடத்தில் கூடும் வாய்ப்பு வாரம் ஒரு முறை இருக்கிறது. அதுதான் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை.

ஒரே ஊரின் இரவுச் சந்தை வாரம் ஒரு நாள் கூடுகிறது. முதல் சந்தையிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் இரண்டாம் சந்தை, பதினைந்தாம் நாள் மூன்றாம் சந்தை, இருபத்திரண்டாம் நாள் நான்காம் சந்தை. ஆக, மூன்று வாரத்துக்குள் நான்கு சந்தைகள் அமைந்துவிடுகின்றன. நாம் சொன்ன கட்டங்களும் நான்கு. ஒரு சந்தைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால், அதே முகங்களை நான்கு முறை சந்தித்து நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடலாம்.

விளங்குவதற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாமானில் வாழும் நான்கு பெண்கள் சேர்ந்து மீன் குழம்புத் தூள் செய்து விற்க எண்ணுகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே உரிமம் பெற்று இரவுச் சந்தையில் வடைக் கடை வைத்திருக்கிறார். சந்தை சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஜெரமிலும் தஞ்சோங் காராங்கிலும் பிடித்த மீன் தாராளமாகக் கிடைக்கும் வட்டாரம் இது. ஆகவே மீன் குழம்புத் தூள் பொருத்தமான சரக்குத்தான்.

முதல் வேலை நாள் குறிப்பது. நம் நாட்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். எனவே 8, 9, 10 ஆகிய தேதிகளில் கைகளில் பணம் இருக்கும். பொருளை வெளிப்படுத்தும் இரண்டாம் சந்தை அந்தத் தேதிகளில் விழும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதற் சந்தை மாதத்தின் முதல் மூன்று நாட்களுக்குள் வரும். அப்போது பலர் கையில் காசு குறைவு. ஆவலை மட்டும் மூட்டுவதற்கு அது ஏற்ற வேளை. வாங்க முடியவில்லையே என்ற மனக்குறையும் யாருக்கும் வராது.

இரண்டாவது வேலை, தேவையான தூள் முழுவதையும் ஒரே நாளில் அரைத்து வைத்துக்கொள்வது. இது மிக முக்கியம். முதல் வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை என்று அரைத்தால் மல்லியும் மிளகாயும் கைக்கணக்கில் மாறிவிடும். முதல் பொட்டலம் காரமாகவும் அடுத்தது மந்தமாகவும் இருந்தால் மெய்ப்பித்தல் என்ற கட்டமே பாழாகிவிடும். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். அரைத்த தூள் சூடாக இருக்கும். அதை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே பொட்டலமிட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, தூள் கட்டி தட்டி, சில நாளில் பூஞ்சை பிடிக்கும்.

நம் நான்கு பெண்களும் 10 கிலோ அரைக்கிறார்கள். இரண்டு அளவில் பொட்டலமிடுகிறார்கள். 25 கிராம் பொட்டலம் ஒரு வெள்ளி. அரைக்கிலோ மீனுக்கு ஒரு குழம்பு வைக்க அது போதும். 100 கிராம் பொட்டலம் மூன்று வெள்ளி ஐம்பது காசு. சிறிய பொட்டலம் எதற்கு என்று கேட்கலாம். புதிய பொருளில் மூன்றரை வெள்ளியைப் போட எல்லாரும் துணிய மாட்டார்கள். ஒரு வெள்ளிக்குத் துணிவார்கள். அந்த ஒரு குழம்புதான் நமக்கு வேண்டியது.

இப்போது முதற் சந்தை. வடைக் கடையின் மேசையோரம் ஒரு மண்பானை. வாயில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை: ‘அடுத்த சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் திறப்போம். அன்று வீட்டில் மீன் இருக்கட்டும்!’ அவ்வளவே. வடை வாங்க வருகிறவர் கேட்பார்: “என்ன அக்கா, பானைக்குள்ளே?” கடைக்காரர் சொல்வார்: “அடுத்த வாரம் வாங்க தம்பி, திறந்து காட்டுறேன். வீட்டுல அம்மாகிட்ட மீன் வாங்கி வைக்கச் சொல்லுங்க.”

இந்த ஒரு வரியில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். பொருள் மறைந்திருக்கிறது, ஆனால் அது யாருக்கு என்பது மறைந்திருக்கவில்லை. மீன் சமைக்கும் வீட்டாருக்கே அது என்பது விளங்கிவிடுகிறது. முழுவதையும் மறைத்துவிட்டால் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் வருவார்கள். பொம்மையோ என்று பிள்ளைகள் வருவார்கள். மருந்தோ என்று முதியவர்கள் வருவார்கள். திறந்ததும் ஏமாந்து போவார்கள். எட்சல் காருக்கு வந்த கூட்டம் அப்படிப்பட்டதுதான். பொருளை மறைக்கலாம், பயனை முழுதாக மறைக்கக் கூடாது என்பதே இங்கு விதி.

அந்த முதல் வாரத்தில் வெளியில் தெரியாத வேலை ஒன்றும் நடக்க வேண்டும். பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு சிறிய பொட்டலம் இலவசமாகக் கொடுத்துச் சமைக்கச் சொல்ல வேண்டும். பத்தும் சொந்தக்காரர் வீடாக இருக்கக் கூடாது. காரம் விரும்புகிறவர், விரும்பாதவர், பிள்ளைகள் உள்ள வீடு, முதியவர் மட்டும் உள்ள வீடு என்று கலந்திருக்க வேண்டும். ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. இலவசமாக வாங்கியவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார். ‘எத்தனை கரண்டி போட்டீர்கள்? வேறு தூள் ஏதும் கூடச் சேர்த்தீர்களா? குழம்பு மீந்ததா?’ என்று கேட்க வேண்டும். கூடுதலாக மிளகாய்த் தூள் சேர்த்தோம் என்று ஐந்து வீட்டார் சொன்னால் காரம் போதவில்லை என்று பொருள். அப்படியானால் திறக்கும் நாளைத் தள்ளி வைத்துத் தூளைத் திருத்துவதே நல்லது. பானையைத் திறக்கும் முன் திருத்துவதற்கு ஆகும் செலவு குறைவு. திறந்த பின் போன பெயரை மீட்பதற்கு ஆகும் செலவு பெரிது.

எட்டாம் நாள் வெளிப்படுத்துதல். சொன்னபடி மாலை ஆறு மணிக்கே பானை திறக்கப்பட வேண்டும். ஆறரை ஆனாலும் சொன்ன சொல் பிசகியதாகும். பானைக்குள்ளிருந்து பொட்டலங்கள் வெளிவருகின்றன. அட்டை மாறுகிறது. இப்போது மறைப்பு எதுவும் இருக்கக் கூடாது. பொருளின் பெயர், என்ன சமைக்க, எவ்வளவு எடை, என்ன விலை, செய்தவர் யார் ஆகிய ஐந்தும் நடந்து போகிறவர் நிற்காமலே படிக்கும் அளவில் இருக்க வேண்டும். விலையை எழுதாமல் விடுவது பலர் செய்யும் பிழை. ஆவலோடு வந்தவர் விலை கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்.

பொட்டலத்தின் மேல் எழுதுவதற்கும் விதியுண்டு. 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தையும் அதன் கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு விதிகளையும் ஒட்டி, பொருளின் பெயர், சேர்ந்த பொருள்கள், எடை, செய்தவர் பெயர், முகவரி ஆகியவை தேசிய மொழியில் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற்றுத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். நோயைக் குணப்படுத்தும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் எழுதவே கூடாது. மிளகும் மஞ்சளும் இருப்பதால் அப்படி எழுதத் தோன்றும். அது சட்டத்துக்கும் மாறானது, மெய்ப்பிக்கவும் முடியாதது.

அன்று எவ்வளவு சரக்கு வைப்பது? சிறியது 60, பெரியது 20 என்று கொள்வோம். அது ஒன்றரைக் கிலோவும் இரண்டு கிலோவுமாக மூன்றரைக் கிலோ. எல்லாவற்றையும் முதல் நாளே மேசையில் கொட்டிவிடக் கூடாது. அதேபோல் எட்டு மணிக்கே தீர்ந்துபோகும் அளவிலும் வைக்கக் கூடாது. ஒரு வாரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வாரம் அவர் பானையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மேசையருகே ஒரு சிறு சட்டியில் குழம்பு வைத்து, ஒரு துண்டு ரொட்டியில் தொட்டுச் சுவைக்கக் கொடுக்கலாம்.

இனி மூன்றாம் கட்டமாகிய மெய்ப்பித்தல். இந்தக் கட்டத்தைத்தான் நம்மவர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் விற்றதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது.

கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், வசதியுள்ளோர் வாங்கும் பொருளை உழைப்பாளிகளும் வாங்க வேண்டுமென்று எண்ணி, ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்க முனைந்தவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். தம் ஷாம்புவுக்குச் சிக் என்று பெயரிட்டார். அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் என்று வளர்ந்தது. அக்காலத்தில் கிராமத்து மக்களில் பலர் ஷாம்புவைப் பயன்படுத்தியதே இல்லை. அவர்களிடம் எத்தனை சொல்லியும் பயனில்லை. ஆகவே ஊர் ஊராகச் சென்று, ஒரு சிறுவனின் தலைமுடியை எல்லார் முன்னிலையிலும் ஷாம்பு போட்டுக் கழுவிக் காட்டினார்கள். பின்பு அம்முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் மக்களை அழைத்தார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையே விளம்பரம் காட்டி, செய்தும் காட்டி, முடிவில் இலவச உறைகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அவ்வூர்க் கடைகளில் விற்பனை மூன்று, நான்கு மடங்கு உயர்ந்ததாக ரங்கநாதன் பின்னர்ப் பேட்டியில் கூறியிருக்கிறார்.

இன்னொன்றும் செய்தார். எந்த நிறுவனத்தின் உறையானாலும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார். மக்கள் பழகிய பிறகு, சிக் காலி உறைகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார். இதில் உள்ள அறிவைப் பாருங்கள். காலி உறையைக் கொண்டுவருகிறவர் அதைப் பயன்படுத்தி முடித்தவர். வாங்கி மூலையில் போட்டவரிடம் காலி உறை இராது. ஆகவே திரும்பி வரும் காலி உறை, பரிசுச் சீட்டாகவும் இருக்கிறது. கணக்குச் சீட்டாகவும் இருக்கிறது. ரங்கநாதன் இதையெல்லாம் மூன்று வாரத்தில் செய்துவிடவில்லை, ஆண்டுக்கணக்கில் செய்தார். ஆனால் அதே வழியை நம் சிறு அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

நம் பெண்கள் எட்டாம் நாளே சொல்லிவிடுகிறார்கள்: “இந்தச் சின்னப் பொட்டலத்தின் காலி உறையை அடுத்த வாரம் கொண்டு வாங்க அக்கா. பெரிய பொட்டலத்திலே ஐம்பது காசு குறைச்சுத் தர்றோம்.” பெரிய பொட்டலத்தின் அடக்க விலை, தூளுக்கு ஒரு வெள்ளி எண்பது காசும் உறைக்கு இருபது காசுமாக இரண்டு வெள்ளி என்று கொள்வோம். மூன்று வெள்ளிக்குக் கொடுத்தாலும் ஒரு வெள்ளி மிஞ்சும். ஆகவே இது நட்டமில்லாத சலுகை.

பதினைந்தாம் நாள் மூன்றாம் சந்தை. இன்று சரக்கு அமைப்பு மாறுகிறது. பெரியது 25, சிறியது 20. ஏற்கெனவே சமைத்துப் பார்த்தவர்கள் பெரியதற்கு மாறும் நாள் இது. மேசையில் மறுபடியும் ஒரு சட்டிக் குழம்பு. முதல் வாரம் சமைத்துப் பார்த்த பத்து வீட்டாரில் மனமுவந்து சம்மதிக்கும் இருவர் சிறிது நேரம் கடையருகே நின்று தாங்கள் சமைத்த விதத்தைச் சொன்னால் போதும். “நான் புளி கொஞ்சம் குறைச்சேன், வெந்தயம் தனியா போடலே” என்று ஒரு பாட்டி சொல்வது, ‘மிகச் சிறந்த தூள்’ என்று அட்டையில் எழுதுவதைவிட வலிமையானது. காரணம், அது சமைத்தவர் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி.

இன்றிரவுதான் கணக்குப் பார்க்கும் இரவு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று எண்ணிக்கை வேண்டும்: சுவைத்தவர், வாங்கியவர், காலி உறையோடு திரும்பி வந்தவர். போன வாரம் சிறியது 60 விற்றிருக்கிறது என்று கொள்வோம். காலி உறைகள் 15 வந்தால், நான்கில் ஒரு வீடு ஒரே வாரத்தில் சமைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. சிறு கடைக்கு அது நல்ல அடையாளம். ஐந்துக்கும் குறைவாக வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. காரணத்தைக் கேட்டறிய வேண்டும். இன்னும் சமைக்கவில்லை என்றால் பொறுக்கலாம். சமைத்தோம், பிடிக்கவில்லை என்றால் குறை தூளில் இருக்கிறது. அதற்கு மேல் விளம்பரம் செய்வது கெட்ட பெயரை விரைவாகப் பரப்புவதற்கே உதவும். நிறையப் பேர் சுவைத்து, சிலரே வாங்கியிருந்தால் குறை விலையிலோ சுவையிலோ இருக்கலாம். சுவைத்தவரே குறைவு என்றால் குறை அட்டையிலும் கடை அமைந்த இடத்திலும் இருக்கிறது. இப்படி ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டிக் காட்டும்.

இருபத்திரண்டாம் நாள் நினைவூட்டல். மாதத்தின் நான்காம் வாரம் தொடங்கிவிட்டது. கையில் காசு இறுகும் காலம். ஆகவே சிறியது 40, பெரியது 20 என்று கொண்டுபோக வேண்டும். நினைவூட்டல் என்றால் முதல் நாள் சொன்னதையே உரத்துச் சொல்வது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அது இரண்டு வகையாருக்கு மட்டும் உரியது. ஒருவர், சுவைத்துவிட்டு வாங்காமல் போனவர். மற்றவர், ஒரு முறை வாங்கித் தீர்ந்த பின் மறந்துபோனவர். முன்னவரிடம், “அன்னைக்குச் சுவைச்சுப் பார்த்தீங்களே அண்ணே, இன்னைக்கு ஒரு சின்னது எடுத்துப் பாருங்க” என்று சொல்லலாம். பின்னவருக்கு, காலி உறைச் சலுகை இன்றோடு முடிகிறது என்ற செய்தி. வாட்ஸ்அப்பில் போடுவதானாலும் அந்த ஒரு வரி, ஒரே ஒரு முறை, முதல் நாள் மாலையில் போதும். நாள்தோறும் போட்டால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

இன்றோடு முடிகிறது என்று சொன்னால் உண்மையிலேயே முடிக்க வேண்டும். அடுத்த வாரமும் அதே சலுகையைக் கொடுத்தால், இன்று அவசரப்பட்டு வாங்கியவர் ஏமாந்தவராகிறார். பணம் இல்லாதவரிடம் பெயரை எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் தருகிறோம் என்று சொல்லலாம். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் அடுத்த மாதத்துக்கு எத்தனை கிலோ அரைப்பது என்பதைச் சொல்லும்.

கணக்கை முடிப்போம். சந்தைகளுக்கு மூன்றரை, மூன்று, மூன்று என்று ஒன்பதரைக் கிலோ. பத்து வீடுகளுக்குக் கால் கிலோ. சந்தையில் சமைக்கக் கால் கிலோ. ஆகப் 10 கிலோ. தூளுக்கும் உறைக்கும் சுமார் 215 வெள்ளி செலவு. எல்லாம் விற்றால், சிறியது 120-க்கு 120 வெள்ளி; பெரியது 65-க்கு 227 வெள்ளி 50 காசு. காலி உறைச் சலுகை இருபது பேருக்குப் பத்து வெள்ளி போக, வரவு சுமார் 337 வெள்ளி. மீனுக்கும் எரிவாயுவுக்கும் 45 வெள்ளி கழித்தால் எழுபது, எண்பது வெள்ளி மிஞ்சும். நான்கு பேரின் மூன்று வார உழைப்புக்கு இது கூலியாகாது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இந்த மூன்று வாரத்தில் அவர்கள் பெற்றது என்ன? இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர் என்ற எண்ணை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். அவ்வெண் நன்றாக இருந்தால் அடுத்து 30 கிலோ அரைக்கத் துணியலாம். ஈஜோக் சந்தைக்கும் புக்கிட் ரோத்தான் சந்தைக்கும் அதே பானையைக் கொண்டுபோகலாம். அங்கே பானை புதிது. ஆவல் புதிதாக எழும். எண் நன்றாக இல்லையென்றால் 200 சொச்சம் வெள்ளியோடு கணக்கு நின்றுவிடுகிறது. வட்டிக்கு வாங்கி 2,000 வெள்ளிக்குச் சரக்கு அரைத்து வைத்த பிறகு அதே செய்தியை அறிவதைவிட, இப்போது அறிவது அக்குடும்பங்களுக்கு மிகவும் மலிவு.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஒரு வாரத்துக்குள் தீர்ந்துபோகும் பொருளுக்கே, அதாவது தூள், ஊறுகாய், முறுக்கு, சோப்பு போன்றவற்றுக்கே இது பொருந்தும். தையல் இயந்திரமோ தங்க நகையோ விற்கிறவர் ஒரு வாரத்தில் காலி உறையை எதிர்பார்க்க முடியாது. அன்றன்று கெட்டுப்போகும் பலகாரத்துக்கு முன்கூட்டியே அரைத்து வைக்கும் வசதி இல்லை. அதற்கு ஒவ்வொரு வாரமும் அதே அளவுக் கணக்கில் செய்ய வல்ல ஒரே கை வேண்டும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் இதைச் செய்தால் எண்கள் நம்மை ஏய்க்கும். அப்போது எல்லாமே விற்கும். திரும்பி வருகிறவர் பொருளுக்காக வருகிறாரா, பண்டிகைக்காக வருகிறாரா என்பது விளங்காது. சாதாரண மாதம் ஒன்றில் தொடங்கி, தேறிய பொருளைத் தீபாவளிக்குக் கொண்டுபோவதே முறை.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது நேயர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். புதிதாகத் தோன்றும் கடை ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, நான்கு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். அவர் எந்தக் கட்டத்தைச் செய்தார், எதை விட்டார், அதன் பயன் என்ன ஆயிற்று என்பது உங்கள் கண்முன்னே தெரியும். பொருள் உங்களுடையதாகும்போது அந்தக் கணக்கு உதவும்.